டைம்லைன் ஸ்கிரீன்ஷாட்டில் என்ன தெரியும்?

படத்தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. மேல் அடுக்குகளில் காட்சித் துண்டுகளும் கீழ் அடுக்குகளில் ஒலித் துண்டுகளும் இருக்கின்றன. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதன் மேலும் கீழும் வேறென்ன இருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். படம் எப்படி இருக்கிறது என்பது மட்டும் அதில் தெரியாது. எடிட்டிங் கற்பவர்கள் அனுபவசாலிகளுக்கு டைம்லைன் ஸ்கிரீன்ஷாட் ஒன்றையோ ஒரே ஒரு ஃபிரேமையோ அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வரும் பதில்களில் பெரும்பாலானவை ‘கட் அதிகம்’, ‘கலர் சரியில்லை’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அந்த ஒரே படத்திலிருந்து உருப்படியான ஆலோசனை சொல்ல முடியும். அதற்கு, படத்தில் பதிவாகியிருப்பது எது, பார்ப்பவர் ஊகிப்பது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி ஒருவரைப் பற்றி ஒரு மாணவர் எடுத்த ஆறு நிமிட ஆவணப்படம் என்று வைத்துக்கொள்வோம். டைம்லைனில் நான்கு அடுக்குகள். முதல் காட்சி அடுக்கில் அந்தத் தொழிலாளியின் பேட்டி துண்டு துண்டாக இருக்கிறது. அதற்கு மேலுள்ள அடுக்கில் பாத்திகள், உப்பு வாருதல், லாரியில் ஏற்றுதல் போன்ற இடைக்காட்சிகள். ஒலிப் பகுதியின் முதல் அடுக்கில் பேட்டியின் குரல், இரண்டாவதில் பின்னணி இசை. மொத்த நீளமும் திரைக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இது.

இந்தப் படத்தின் நுட்பம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். ஆறு நிமிடம் என்றால் 360 விநாடி. டைம்லைன் பகுதி திரையில் 1,800 பிக்சல் அகலம் இருந்தால் ஒரு பிக்சலுக்கு 0.2 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் ஐந்து ஃபிரேம்கள் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே, காட்சி மாறுவதற்கு நான்கு ஃபிரேம் முன்னதாகக் குரல் தொடங்கியிருந்தாலும் இந்தப் படத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டப்பட்டதாகத்தான் தோன்றும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு ஃபிரேம் அளவுக்கு விழுந்துவிட்ட கறுப்பு இடைவெளியும் கண்ணில் படாது. இருபது விநாடியை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கு மூன்று பிக்சலுக்கு மேல் கிடைக்கும். அப்போது இவை இரண்டும் தெளிவாகத் தெரியும். அதனால் முழு நீளப் படம் ஒன்று, சிக்கலான இடத்தைப் பெரிதாக்கிய படம் ஒன்று என இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது. மேலே ஓடும் நேர அளவுகோல் படத்தில் இல்லாவிட்டால் இரண்டினாலும் பயன் இல்லை. அளவுகோல் இல்லாத டைம்லைனில் விரற்கடை அகலத் துண்டு இரண்டு விநாடியாகவும் இருக்கலாம், இருபது விநாடியாகவும் இருக்கலாம்.

நுட்பம் தெரிந்த பிறகு டைம்லைனை வாசிக்கத் தொடங்கலாம். உப்பளப் படத்தில் முதலில் கண்ணில் படுவது தொடக்கம். குரல் அடுக்கு முதல் 52 விநாடிக்குக் காலியாக இருக்கிறது. மேலே நான்கே நான்கு நீளமான இடைக்காட்சிகள், கீழே இசை. இதைப் பார்த்ததும் ‘தொடக்கம் இழுவை’ என்று சொல்லத் தோன்றும். அது ஊகம். விடியலுக்கு முன் பாத்திக்கு நடந்து போகும் மனிதரை 52 விநாடி காட்டினாலும் சலிக்காமல் இருக்கக்கூடும். பதிவாகியிருக்கும் உண்மை வேறு: ஆறு நிமிடப் படத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நேரம் யாரும் பேசவில்லை. ஆகவே ஆலோசனையை இப்படிச் சொல்லலாம்: பேட்டியின் வலுவான வாக்கியம் ஒன்றைப் பதினைந்தாவது விநாடி வாக்கில், அதே இடைக்காட்சிகளின் மேல் ஒலிக்கவிட்டு இன்னொரு பிரதி செய்து, இரண்டையும் படம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தீர்ப்பு படத்தைப் பார்ப்பவரிடமே இருக்கும். எங்கே சோதிக்க வேண்டும் என்பதைத்தான் ஸ்கிரீன்ஷாட் காட்டிக்கொடுத்தது.

அடுத்தது பேட்டியின் வெட்டுகள். குரல் பல துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் விளிம்பும் அடுத்ததோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறது. பேசுபவர் மூச்சு வாங்குகிற, யோசிக்கிற இடங்கள் எல்லாம் நறுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு இது நல்ல அடையாளம். பெரிதாக்கிய படத்தில் அலைவடிவத்தைப் பார்த்தால் உறுதி செய்துகொள்ளலாம். ஒரு சொல்லின் அலை மெலிந்து அடங்குவதற்குள் கோடு விழுந்திருந்தால் அந்தச் சொல்லின் கடைசி எழுத்து கடிபட்டிருக்கும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தக் கடி கூடுதலாக உறுத்தும். ‘வந்தேன்’, ‘வந்தோம்’ என்ற வேறுபாடு முழுவதும் அந்தக் கடைசி அசையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இணைப்புகளில் இரண்டு ஃபிரேம் நீளத்துக்கு, அதாவது விநாடியில் ஆயிரத்தில் 80 பங்கு அளவுக்கு, ஒலியை ஒன்றுக்குள் ஒன்று கரையவிட்டால் ‘டிக்’ என்ற சத்தம் போய்விடும். வாக்கியம் முடியும் இடங்களில் அது போதாது. பேட்டி எடுத்த இடத்தின் வெற்று ஒலியை அரை விநாடியாவது நிரப்பி, அவருக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும்.

அதே வெட்டுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. குரல் தொடங்கும் இடத்திலேயே முகமும் தொடங்குகிறது, குரல் முடியும் இடத்திலேயே முகமும் முடிகிறது. காட்சியின் விளிம்பும் ஒலியின் விளிம்பும் எங்குமே நகர்ந்திருக்கவில்லை. முதல்முறை எடிட் செய்பவரின் டைம்லைனை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இதுதான். குரலை முன்னால் தொடங்கவிட்டு முகத்தைப் பின்னால் கொண்டுவருவது ஜே கட். முகம் போன பிறகும் குரல் அடுத்த காட்சியின் மேல் நீடிப்பது எல் கட். உப்பு வாரும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளியின் குரல் தொடங்கி, ஒரு விநாடி கழித்து முகம் வந்தால், பார்ப்பவருக்கு வெட்டு இருப்பதே தோன்றாது. எல்லா வெட்டுகளையும் இப்படி மாற்றச் சொல்வது தவறான ஆலோசனை. இடைக்காட்சியிலிருந்து பேட்டிக்குத் திரும்பும் இடங்களில் மட்டும் செய்து பார்க்கச் சொன்னால் போதும்.

மூன்றாவது, இல்லாத ஒன்று. இடைக்காட்சிகளின் கீழே அவற்றின் சொந்த ஒலி இல்லை. பலகை உப்பை இழுக்கும் சரசரப்பு, காற்று, லாரியின் இரைச்சல் எல்லாம் நீக்கப்பட்டு, அந்த இடத்தை இசை நிரப்புகிறது. ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து சொல்லக்கூடிய ஆலோசனைகளில் மிகுந்த பயன் தருவது இதுவாகத்தான் இருக்கும். காரணம், எடிட் செய்தவர் நாள்கணக்கில் அந்தப் படத்தைக் கேட்டுப் பழகியிருப்பார். இல்லாத ஒலி அவருக்கு இல்லாததாகத் தோன்றாது. காலியான அடுக்கு வெளியாளுக்கு உடனே தெரியும். ஒலியை வேண்டுமென்றே எடுத்தாரா, காற்று அடித்துக் கெட்டுப்போனதால் எடுத்தாரா என்று கேட்டுவிட்டு, மூலத் துண்டுகளின் ஒலியைத் தனி அடுக்கில் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம்.

இசை அடுக்கு ஒரே நீண்ட துண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை அதன் அலைவடிவம் ஒரே தடிமனில், குரலின் அலைவடிவத்துக்குச் சமமாக இருக்கிறது. ‘இசை குரலை அமுக்குகிறது’ என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பிரீமியர் புரோவின் பழைய பதிப்புகளில், துண்டின் குறுக்கே ஓடும் வால்யூம் கோட்டைக் கீழே இறக்கினாலும் அலைவடிவம் சிறுக்காது. கெயின் என்ற தனி அளவை மாற்றினால்தான் சிறுக்கும். ஃபைனல் கட் புரோவில் வால்யூமை இறக்கினாலே அலைவடிவமும் சிறுத்துவிடும். மிக்ஸரில் அந்த அடுக்கு முழுவதையும் குறைத்திருந்தால் பொதுவாக அது அலைவடிவத்தில் தெரியாது. ஆகவே தடிமனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வால்யூம் கோடு எங்கே இருக்கிறது, அதில் ஏற்ற இறக்கப் புள்ளிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் கோடு நேராக, புள்ளியே இல்லாமல் ஓடுகிறது. பேச்சு வரும்போது இசை தானாக இறங்கவில்லை என்று இதிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், ‘மிக்ஸரில் ஏதேனும் அமைப்பு இருந்தால் தவிர’ என்ற நிபந்தனையோடு. எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. செவித்திறன் குறைந்தவர்களுக்கும் பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி வகுத்த இணைய அணுகல் வழிகாட்டுதல், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

மென்பொருளே போட்டுக்காட்டும் சில அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஊகத்துக்கு இடமில்லை. பிரீமியரில் காட்சித் துண்டின் மேலும் அதன் ஒலித் துண்டின் மேலும் சிவப்பில் ஓர் எண் தெரிந்தால், இரண்டும் அவ்வளவு தூரம் விலகிவிட்டன என்று பொருள். உதடும் குரலும் ஒட்டாது. டிசால்வ் குறியின் மேல் சாய்ந்த கோடுகள் இருந்தால், கரைவதற்குப் போதிய ஃபிரேம்கள் மூலத் துண்டில் இல்லை, கடைசி ஃபிரேமையே மென்பொருள் நிறுத்திக் காட்டுகிறது என்று பொருள். நடந்துகொண்டிருந்தவர் டிசால்வின்போது உறைந்து நிற்பார். மேலே ஓடும் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பகுதியை ஓட்டிப் பார்க்கும்போது கணினி திணறலாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஏற்றுமதியாகும் படத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி ஒற்றை ஃபிரேம். அதே படத்திலிருந்து பேட்டியின் ஒரு ஃபிரேம் வருகிறது. தொழிலாளி திரையின் இடது ஓரத்தில் இருக்கிறார், பார்வையும் இடப்பக்கமே போகிறது, முகத்துக்கு முன்னால் இடமில்லை, முதுகுக்குப் பின்னால் பாதித் திரை வெற்றாகக் கிடக்கிறது. பின்னால் உப்புக் குவியல் வெள்ளை வெளேரென்று எரிகிறது, முகம் கறுத்திருக்கிறது. இதில் சட்டக அமைப்பு பற்றிய ஆலோசனையைத் தயங்காமல் சொல்லலாம், ஏனென்றால் அது முழுவதும் ஃபிரேமுக்குள்ளேயே இருக்கிறது. படம் 3,840 பிக்சல் அகலத்தில் எடுக்கப்பட்டு 1,920 பிக்சல் அகல டைம்லைனில் இருந்தால், தெளிவு குறையாமல் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கலாம். பெரிதாக்கிய பின் சட்டகத்தை இடமும் வலமுமாக நகர்த்த இடம் கிடைக்கும். ஆனால் மூலப் படத்திலேயே அவருக்கு இடப்பக்கம் இடமில்லையென்றால் எவ்வளவு நகர்த்தினாலும் அது வராது; வெட்டிச் சுருக்கினால் முதுகுக்குப் பின்னுள்ள வெற்றிடம்தான் குறையும். அதுவே பாதித் தீர்வு.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் வெள்ளையாக எரிந்திருப்பது மூலத் துண்டிலும் எரிந்திருக்கும் என்று கட்டாயமில்லை. திரைக்காக மாற்றப்படும்போது மேல் வரம்புக்கு மேலுள்ள விவரம் வெட்டப்பட்டிருக்கலாம். அதே ஃபிரேமுக்குப் பக்கத்தில் வெளிச்ச அளவைக் காட்டும் ஸ்கோப்பையும் சேர்த்து எடுத்தால் விடை கிடைக்கும். உப்புக் குவியலின் தடம் மேலே கத்தியால் நறுக்கியதுபோல் ஒரே தட்டையான கோடாக முடிந்து, ஹைலைட்டைக் குறைக்கும்போது அந்தக் கோடு விரியாமல் அப்படியே கீழிறங்கினால் விவரம் போய்விட்டது, விரிந்தால் மீட்கலாம். விவரம் போய்விட்டதென்றால் உப்பை விட்டுவிட்டு முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சம் கூட்டச் சொல்வதே நடைமுறை வழி. மொத்தப் படமும் சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருந்தால் பெரும்பாலும் அது லாக் முறையில் எடுத்த படம். ‘நிறத்தைக் கூட்டுங்கள்’ என்று சொல்வதற்கு முன் எந்தக் கேமரா, எந்த லாக் என்று கேட்டு, அதற்குரிய மாற்றத்தை முதலில் போடச் சொல்ல வேண்டும். திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தால் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே சரி; அது செல்போன் கேமராவின் நிறம்.

வேறு இரண்டு கோளாறுகளை ஒற்றை ஃபிரேமே காட்டிவிடும். வட்டமான பொருள் எதுவாக இருந்தாலும், குடத்தின் வாயோ நேராகத் தெரியும் சைக்கிள் சக்கரமோ, முட்டை வடிவில் இருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. அசையும் கைக்குப் பேய் போல இன்னொரு மங்கலான கை தெரிந்தால், வேறு வேகத்தில் எடுத்த துண்டை, உதாரணமாக விநாடிக்கு 30 ஃபிரேம் செல்போன் துண்டை, 25 ஃபிரேம் டைம்லைனில் கலந்து ஓட்டுகிறார்கள் என்று பொருள். அந்த ஃபிரேம் டிசால்வின் நடுவே எடுக்கப்பட்டதா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் எடிட்டிங் என்பது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே நடப்பது. போகும் ஷாட்டின் கடைசி ஃபிரேம், வரும் ஷாட்டின் முதல் ஃபிரேம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒற்றை ஃபிரேம் சொல்லாத பலவற்றைச் சொல்லலாம். எதிரெதிரே பேசும் இருவரும் அடுத்தடுத்த ஷாட்களில் ஒரே திசையைப் பார்த்தால் கேமரா அவர்களுக்கிடையிலான கற்பனைக் கோட்டைத் தாண்டிவிட்டது. உப்பளப் பேட்டியில் இரண்டு அடுத்தடுத்த துண்டுகளிலும் முகம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் வெட்டில் தலை துள்ளும். ஒன்றைக் கணிசமாகப் பெரிதாக்க வேண்டும் அல்லது மேலே ஓர் இடைக்காட்சியைப் போட்டு மூட வேண்டும். எடிட்டர் வால்டர் மெர்ச் இந்த வழியை ஒரு வேலைமுறையாகவே வைத்திருந்தார். ஒவ்வொரு ஷாட் அமைப்பிலிருந்தும் பொருத்தமான குறைந்தது ஒரு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டு, காட்சி வரிசையில் பலகைகளில் ஒட்டிவைப்பார். எது எதனோடு ஒட்டும் என்பதை ஓடாத படங்களை வைத்தே யோசிக்கலாம் என்பதற்கு அது சான்று.

டைம்லைனை மட்டும் பார்ப்பதில் உள்ள ஆபத்துக்கு 2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ நல்ல உதாரணம். இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 வெட்டுகள். சராசரியாக ஒரு ஷாட்டுக்கு மூன்று விநாடிகூட இல்லை. அந்த டைம்லைனை யார் பார்த்தாலும் ‘வெட்டு அதிகம், பார்ப்பவர் குழம்புவார்’ என்றுதான் சொல்வார். பார்வையாளர்கள் குழம்பவில்லை, படத்தைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. விடை ஃபிரேமில் இருக்கிறது. இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் பார்க்க வேண்டியதைத் திரையின் நடுவிலேயே வைத்தார்கள். வெட்டு விழும்போது கண் நகரத் தேவையில்லை. ஆகவே ‘வெட்டு அதிகம்’ என்று சொல்வதற்கு முன் அந்த இடத்தின் இரு பக்க ஃபிரேம்களையும் கேட்டு, பார்ப்பவரின் கண் எங்கிருந்து எங்கே தாவ வேண்டியிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து வைத்தாலும் எட்டாதவை உண்டு. பேட்டி கொடுத்தவரின் குரல் எந்த இடத்தில் தழுதழுத்தது, இரண்டு டேக்குகளில் எது உண்மையாக இருந்தது, வெட்டப்பட்ட மௌனம்தான் பேட்டியின் உயிரா என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும். மெர்ச் ஒரு வெட்டை முடிவு செய்வதற்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, அவற்றில் உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். கண் எங்கே போகிறது என்பதற்கு ஏழு, கோட்டைத் தாண்டாமல் இருப்பது போன்ற திரைத்தள ஒழுங்குக்கு ஐந்து, முப்பரிமாண இட ஒழுங்குக்கு நான்கு. ஃபிரேம்களை வைத்துப் பேசக்கூடியவை பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றும்தான்.

அதனால் உப்பளப் படத்துக்கு எழுதும் பதில் நேரக்குறிப்போடு, ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். முதல் 52 விநாடியில் குரல் இல்லை; 15வது விநாடியில் ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு மாற்றுப் பிரதி. இடைக்காட்சிகளுக்குச் சொந்த ஒலி இல்லை. மூலத்தில் இருக்கிறதா என்ற கேள்வி. இசையின் கோட்டில் புள்ளிகள் இல்லை. மிக்ஸரில் ஏதாவது செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி, இல்லையென்றால் பேச்சுக்கு 20 டெசிபல் கீழே. பேட்டி இணைப்புகளில் சொல்லின் கடைசி அசை கடிபட்டிருக்கிறதா என்று ஹெட்ஃபோன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்பது. உப்புக் குவியலின் வெளிச்சம் பற்றி, ஸ்கோப்போடு இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வரும்வரை ஒன்றும் இல்லை.